மூன்று சட்டை போட்ட சாட்சி

அலுவலகத்தில் அவரை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது. ஐம்பத்துநான்கு வயது. அதில் முப்பது வருடம் இந்த நாளிதழுக்கு, முதலில் செய்தியும் பிறகு ஞாயிறு இணைப்புக்குக் கட்டுரையும் எழுதியே கழிந்தது. எழுதியே என்று சொன்னது ஒரு மரியாதைக்கு.

அவர் தொழில்முறை எளிமையானது. ஏற்கெனவே யாரோ எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகளை மேசையில் பரப்புவார். முதல் பத்தி இதிலிருந்து, அடுத்தது அதிலிருந்து. 'மழை பெய்தது' என்றிருந்தால் 'வானம் பொழிந்தது' ஆகும். 'வீடு' இல்லமாகும், 'இறந்தார்' காலமாவார். வாக்கியத்தின் வாலைப் பிடித்துத் தலையில் ஒட்டுவார். திருட்டு சைக்கிளுக்கு வேறு வண்ணம் அடித்து, மணியை மாற்றிப் பூட்டி, சொந்தக்காரன் வீட்டு வாசல் வழியாகவே ஓட்டிக்கொண்டு போகிற துணிச்சல் அது. முப்பது வருடமாக ஒருவரும் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் அவருடைய திறமை என்று அவர் நினைத்திருந்தார். யாரும் அக்கறையாகப் படிக்கவில்லை என்பது இன்னும் எளிய காரணம்.

போன வருடம் ஆசிரியர் ஒரு மென்பொருள் வாங்கினார். ஆசிரியருக்கு அலுவலகத்தில் மேடை என்று பெயர். இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றால்கூட மூன்றாவதாக வந்து நின்று தொண்டையைச் செருமி "அன்பார்ந்தவர்களே" என்கிற குரலில்தான் பேசுவார். மென்பொருள் வந்த அன்று நாற்பது நிமிடம் பேசினார். எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும், உலகத்தில் ஏற்கெனவே அச்சான எழுத்தோடு அது எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று அது சொல்லிவிடும். "சுயசிந்தனை என்பது நம் இதழின் முதுகெலும்பு. ஐந்து சதவீதத்துக்கு மேல் போனால் அச்சேறாது" என்றார்.

முதல் மாதம் அகராதிக்கு மூன்று சதவீதம் வந்தது. அலுவலகத்திலேயே குறைந்த எண். சுயசிந்தனையாளர் என்று சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சொல்லை மட்டும் பார்க்கிற இயந்திரத்துக்கு, சொல்லை மட்டும் மாற்றுகிறவன் உத்தமன்தானே. சான்றிதழைச் சட்டம் போட்டு அவர் மனைவி அலமாரிக்கு மேல் வைத்தாள். "இவ்வளவு வருஷம் கழிச்சாவது உங்கள மனுஷனா மதிச்சாங்களே" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

இந்த நிலையில்தான் படகு விபத்தின் நினைவுக் கட்டுரை அவர் தலையில் விழுந்தது. இருபத்துமூன்று வருடத்துக்கு முன்பு ஆற்று முகத்துவாரத்தில் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போன படகு கவிழ்ந்து பதினோரு பேர் செத்தார்கள். படகோட்டியும் சேர்த்து. மேடை தானே தலைப்பு வைத்து முதல் பக்கத்தில் கட்டம் கட்டி விளம்பரமும் போட்டுவிட்டார்: 'பதினோரு உயிர்களைப் பறித்த அந்தி மாலை. அடுத்த ஞாயிறு படியுங்கள்.'

விளம்பரம் வந்த மறுநாள் காலை வரவேற்பறையிலிருந்து அழைப்பு வந்தது. கீழே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். விளம்பரத்தைக் கத்தரித்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தார்.

"நீங்கதான் எழுதப் போறவரா சார்?"

"ஆமாம்மா. என்ன விஷயம்?"

"நான் அந்தப் படகோட்டியோட வீட்டுக்காரி."

அகராதி எதிரே உட்கார்ந்தார். இந்த மாதிரி ஆட்களை இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடப் பழகியவர்தான். ஆனால் அந்த அம்மாள் அழவில்லை, கோபப்படவில்லை. ஒரு தவறைச் சுட்டிக்காட்ட வந்த ஆசிரியை மாதிரிக் கத்தரித்த துண்டில் விரலை வைத்தார்.

"அந்தி மாலைன்னு போட்டிருக்கீங்க. அது சாயந்தரம் இல்ல சார். காலைல பத்து மணி. நான் துவைச்ச துணியைக் காயப் போட்டுக்கிட்டிருந்தேன். எல்லாப் பேப்பர்லயும் சாயந்தரம்னே போடறாங்க. ஏன்னு எனக்குத் தெரியல."

"பழைய செய்தியில அப்படித்தான் இருக்கும்மா."

"பழைய செய்தியில அவரு குடிச்சிருந்தாருன்னும் இருக்கு." அவர் பையை மடித்தார். "அவருக்கு வயித்துல புண்ணு. மோர் குடிச்சாலே எரியும்பாரு. எனக்குக் கூட இது பழகிடுச்சு. என் பையனுக்கு அப்ப ஒம்பது வயசு. பள்ளிக்கூடத்துல குடிகாரன் மகன்னு கூப்பிட்டாங்க. அவனும் நம்பிட்டான் தம்பி. நான் சொன்னா, நீ பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவேங்கறான். அச்சுல வந்தது பொய்யாகுமான்னு கேக்கறான். எந்தக் காகிதத்துலயாவது அப்பா பேரு எழுதணும்னா பேனாவைக் கீழ வெச்சுடறான்."

சார் எப்போது தம்பியானது என்று இருவருமே கவனிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம். இந்த ஒரு தடவை பாத்து எழுதுங்க. அவன் உங்க பேப்பர்தான் படிக்கறான்."

அவர் சரி என்றார். சரி என்பது அவர் எல்லோருக்கும் சொல்கிற சொல். ஆனால் காலை பத்து மணி என்பது மண்டைக்குள் ஒரு சிறு கல் மாதிரி உருண்டுகொண்டேயிருந்தது. அவர் மேசையில் பரப்பி வைத்திருந்த மூன்று கட்டுரைகளிலும் அந்திதான். ஒன்றில் 'அந்தி சாயும் வேளை'. ஒன்றில் 'பொழுது சாய்ந்த நேரம்'. மூன்றாவதில் 'கதிரவன் மறையும் தருணம்'. மாற்றுவதற்கு அவருக்கு நாலாவது சொல்கூடத் தயாராக இருந்தது.

பல வருடம் கழித்து அன்றைக்குத்தான் அடித்தளத்துக் காப்பகத்துக்குப் படியிறங்கினார். மேல்மாடி கேலிக்காரர்கள் அங்கே இருக்கிறவரைப் பூதம் என்பார்கள், புதையலைக் காக்கிறதாம். நாற்பது வயதுப் பெண்மணி. தலைக்கு மேல் ஒழுகுகிற குழாய்க்கு ஒரு வாளி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பழைய இதழ்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அட, அகராதி அண்ணனா? வழி தவறி வந்துட்டீங்களா? கழிப்பறை மேல."

"படகு விபத்து சம்பந்தமா என்னென்ன இருக்கு?"

"மூணு கட்டுரை மேல அனுப்பினேனே, பத்தாதா? உங்களுக்கு ரெண்டே ஜாஸ்தியாச்சே."

அவர் அந்த அம்மாள் வந்து போனதைச் சொன்னார். பூதம் பசையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெரிய தாளை விரித்துக் கோடு போட்டார். மேலே வரிசையாக ஆவணங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. இடப்பக்கம் கேள்விகள். எப்போது நடந்தது? எத்தனை பேர் ஏறினார்கள்? படகு எப்படி இருந்தது? படகோட்டி குடித்திருந்தாரா? கடைசி வரிசையில், 'இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்?'

"ஒரு கட்டுரையை எடுத்து மேலேருந்து கீழ மாத்திக்கிட்டே போகக்கூடாதுண்ணே. ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு ஆவணமும் அதுக்கு என்ன சொல்லுதுன்னு குறுக்கே படிக்கணும். எங்க ஒத்துப்போகுது, எங்க முட்டுதுன்னு அப்பத்தான் தெரியும்."

குறுக்கே படித்தார்கள். மூன்று கட்டுரைகளிலும் அந்தி. மூன்றிலும் போதை. மூன்றிலும் கடைசி வரிசை காலி.

"பாருங்க, மூணு பேர் சொல்றாங்களேன்னு நினைப்போம்" என்றார் பூதம். "சரியான விஷயத்தை மூணு பேர் தனித்தனியா கண்டுபிடிக்கலாம். காலையை சாயந்தரம்னு மூணு பேரும் தனித்தனியா தப்பு பண்ண முடியுமா? இது மூணு சாட்சி இல்லண்ணே. ஒரே சாட்சி, மூணு சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு."

"அப்ப முதல் சட்டை எது?"

"மூணுல பழசு, நம்ம பேப்பர்ல வந்ததுதான். விபத்துக்கு மறுநாள். 'நமது நிருபர்'னு போட்டிருக்கு. யாரோ மகராசன்." அவர் ஒரு கோப்பை எடுத்துத் தூசியைத் தட்டிக் கொடுத்தார். "அந்தச் செய்தியோட மூலக் காகிதமும் இதுலதான் இருக்கும். பாருங்க. நான் வாளியைக் கொட்டிட்டு வரேன்."

கோப்பில் காவல்துறையின் செய்திக்குறிப்பு இருந்தது. மேலே வலது மூலையில், வெளியிட்ட நேரம் மாலை ஐந்து மணி. விபத்து நடந்த நேரம் குறிப்பில் எங்குமே இல்லை. நடுவில் ஒரு வரி: 'படகோட்டி மது அருந்தியிருந்தாரா என்பது விசாரிக்கப்படுகிறது.'

அந்த வரியின் மேல் சிவப்புப் பென்சிலால் அடித்துத் திருத்தியிருந்தது. காவல்துறைக் குறிப்பைப் போலவே தெரியக்கூடாது என்பதற்காக, மது என்பதைப் போதையாக்கி, வாலைத் தலையில் ஒட்டி, ஒரு புது வாக்கியம்: 'போதையில் இருந்தார் படகோட்டி என விசாரணையில் தெரிகிறது.' மாலை ஐந்து மணியைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் 'அந்தி சாயும் வேளை'.

சிவப்புப் பென்சிலின் 'ய' ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவருடைய 'ய' எப்போதும் அப்படித்தான் சாயும்.

முகத்துவாரத்துக்கு அன்று அவர் போகவில்லை. பேருந்து கிடைக்கவில்லை என்று சொன்னதாக ஞாபகம். முதல் பதிப்பு அச்சுக்குப் போக ஒரு மணி நேரம்தான் இருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஒரு கேள்வியை அழகான வாக்கியமாக்கினார், அவ்வளவுதான். கேள்வி அதற்குள் செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

பூதம் வாளியோடு திரும்பி வந்தபோது கோப்பை மூடியிருந்தார்.

"என்னண்ணே, முகம் இப்படி வெளிறிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல. அந்த முதல் செய்தியோட பத்தியில கடைசிக் கட்டத்தை நான் அப்புறம் நிரப்பறேன். வேற என்ன ஆவணம் கிடைக்கும்?"

அந்த வாரம் முழுவதும் அவர் அலைந்தார். படகுத்துறையின் பதிவேட்டில் இருபது பேருக்குச் சீட்டு கொடுத்ததாக இருந்தது, நேரம் ஒன்பது ஐம்பது. விசாரணை அறிக்கையில் முப்பத்தொரு பேர். எது பொய் என்று முதலில் குழம்பினார். பிழைத்த ஒருவர், இப்போது தையல் கடை வைத்திருப்பவர், முடிச்சை அவிழ்த்தார்: "பிள்ளைங்களுக்குச் சீட்டு கிடையாதே சார்." இரண்டுமே உண்மை. பதிவேட்டில் இரண்டாவது படகுக்கு நேராக 'பழுது' என்றிருந்தது. ஆனால் இவர்கள் நாளிதழிலேயே விபத்துக்கு மறுநாள், நேற்றுக் காலை எடுத்தது என்று ஒரு படம் வந்திருந்தது, பிரமுகர் ஒருவர் அதே இரண்டாவது படகில் மாலையோடு நின்று கையசைக்கிறார். பழுதான படகு பிரமுகரை மட்டும் தாங்கியிருக்கிறது. பலகை விட்டுப் போயிருக்கிறது, இருபது பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று விபத்துக்கு மூன்று வாரம் முன்பு படகோட்டி கைப்பட எழுதிய கடிதம் விசாரணை அறிக்கையின் பின்னிணைப்பில் கிடந்தது. அதற்குப் பின்னால் படகோட்டியின் பிரேதப் பரிசோதனைக் குறிப்பு: 'இரைப்பையில் மது வாசனை ஏதும் இல்லை.'

இவற்றில் எந்த ஒரு காகிதமும் முழுக் கதையைச் சொல்லவில்லை. பதிவேட்டுக்குப் படம் தெரியாது. படத்துக்குக் கடிதம் தெரியாது. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான், எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு வாக்கியம் அவருக்குத் தோன்றியது. இரண்டு படகில் போக வேண்டிய கூட்டத்தை ஓட்டைப் படகு ஒன்றில் ஏற்றினார்கள், முடியாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த மனிதன் தலையில் பழியையும் ஏற்றினார்கள். அது அவருடைய வாக்கியம். முப்பது வருடத்தில் முதல் சொந்த வாக்கியம். எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தார், பின்னால் யாரும் இல்லை.

எழுதும்போது ஆவணங்களையெல்லாம் கவிழ்த்து வைத்தார். குறிப்புகளை மட்டும் பார்த்து, தன் வரிசையில், தன் பேச்சில் எழுதினார். பிறகு ஒவ்வொரு தகவலையும் மூலத்தோடு சரிபார்த்து, யார் சொன்னது என்று அந்தந்த இடத்திலேயே சொன்னார். செய்திக்குறிப்பின் வரி, கடிதத்தின் வரிகள், பரிசோதனை வரி ஆகியவற்றை மட்டும் ஓர் எழுத்தும் மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் வைத்தார். கடைசிப் பத்தி இப்படித் தொடங்கியது: 'காவல்துறை கேட்ட கேள்வியைத் தீர்ப்பாக மாற்றி எழுதிய நிருபர் நான்தான்.'

மேடை கட்டுரையை மென்பொருளில் போட்டார். திரையில் சிவப்பு மின்னியது.

"பதினேழு சதவீதம்! யோவ் அகராதி, என்னய்யா ஆச்சு உனக்கு? சான்றிதழ் வாங்கின ஆளு!"

"மேற்கோள் சார். அறிக்கையை, கடிதத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கேன். யார் சொன்னதுன்னும் எழுதியிருக்கேன். அது திருட்டு இல்ல. அதை மாத்தினாத்தான் தப்பு."

"இருபத்தியாறு பேர் வேலை பாக்கற இடம். உனக்கு ஒரு சட்டம், மத்தவனுக்கு ஒரு சட்டமா? மேற்கோளையும் உன் நடையில சொல்லு. உனக்குத் தெரியாத வித்தையா?"

"அந்த வரியை மாத்தினதாலதான் சார் இருபத்துமூணு வருஷமா..."

"அப்புறம் இந்தக் கடைசிப் பத்தி." மேடை கண்ணாடியைக் கழற்றினார். உரை வரப்போகிறது என்று அர்த்தம். "ஒரு இதழின் நம்பகத்தன்மை என்பது தலைமுறைகளின் தவம். அதில் நாமே சேற்றை..."

"சார், அந்தப் பையன் நம்ம பேப்பர்தான் படிக்கிறான்."

"எந்தப் பையன்?"

அகராதி சொன்னார். மேடை கேட்டார், நிஜமாகவே கொஞ்சம் இளகினார். "வருத்தமாத்தான் இருக்கு. சரி, நான் பாத்துக்கறேன். நீ போ" என்றார். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதை அகராதி நம்பினார். சொல்லை வைத்துப் பிழைத்தவர், ஒரு சொல்லை நம்பி வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு காலை வாசலில் விழுந்த தாளை அங்கேயே நின்று பிரித்தார். பிரமுகர் படம் இருந்தது, பெரிதாகவே. காலை பத்து மணி இருந்தது. கடைசிப் பத்தி இல்லை. மேற்கோள் குறிகள் ஒன்றுகூட இல்லை. அந்த மென்பொருளில் 'சதவீதம் குறை' என்று ஒரு பொத்தான் உண்டு. மேடை அதை ஒருமுறை அழுத்தியிருக்கிறார். ஆயிரம் சொற்களைத் தானே மாற்றித் தள்ளிவிடுகிற பொத்தான். அகராதியின் முப்பது வருடப் படிப்பை அது மூன்று நொடியில் முடித்துவிடும்.

'படகோட்டி மது அருந்தியிருந்தாரா என்பது விசாரிக்கப்படுகிறது' என்ற வரி, 'படகோட்டியின் மதுப்பழக்கம் விசாரணைக்கு உள்ளானது' என்று வந்திருந்தது. 'இரைப்பையில் மது வாசனை ஏதும் இல்லை' என்றது, 'வயிற்றுப் பகுதியில் மதுவின் நறுமணம் குறைவு' என்று வந்திருந்தது.

கீழே அவருடைய சொந்தப் பெயர். சம்பளச் சீட்டுக்கு வெளியே அது முதல்முறையாக அச்சான நாள் அதுதான்.

தட்டச்சு செய்த தன் பக்கங்களை எடுத்துக்கொண்டு, அந்த அம்மாள் வரவேற்பறையில் எழுதிவிட்டுப் போன விலாசத்துக்குப் பேருந்து பிடித்தார். இந்த முறை பேருந்து உடனே கிடைத்தது. இரண்டாவது மாடியில் ஒற்றை அறை வீடு. அந்த அம்மாள் கதவைத் திறந்து வழிவிட்டார். மகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, விரல் நகங்களில் கிரீஸ். முன்னால் நாளிதழ் விரித்தபடி கிடந்தது.

"நீங்கதான் எழுதினவரா சார்? உக்காருங்க." குரலில் கோபமே இல்லை. "நல்லா எழுதியிருக்கீங்க. அந்தப் பிரமுகர் விஷயம் எங்களுக்குத் தெரியாது. படகு ஓட்டைன்னும் தெரியாது. பாவம்தான் அவரு."

"தம்பி, அதுல..."

"நறுமணம் குறைவுன்னு நாசூக்கா போட்டிருக்கீங்க. அம்மா மனசு நோகக்கூடாதுன்னு. புரிஞ்சுது சார். நன்றி."

அகராதி பக்கங்களை நீட்டினார். நடந்ததையெல்லாம் சொன்னார். மென்பொருள், பதினேழு சதவீதம், சிவப்புப் பென்சில். முப்பது வருடம் அடுத்தவர் சொன்னதை மாற்றிச் சொல்லிப் பழகிய வாய் தன் சொந்தக் கதையைச் சொல்லத் திணறியது. மகன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு அந்தப் பக்கங்களை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தான். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நல்லா இருக்கு சார்" என்றான் மெதுவாக. "ஆனா இது பேப்பர்ல வரலையே."

"இதுதான்பா நிஜம்."

"இருக்கலாம் சார். அம்மா உங்களைப் பாத்து அழுதிருப்பாங்க. உங்களுக்கும் மனசு கேக்கல, எழுதிக் கொடுத்திருக்கீங்க. எனக்கு யாரை நம்பறதுன்னே தெரியல. ஒரே ஆளு, அன்னைக்கு ஒண்ணு எழுதியிருக்கீங்க, இன்னைக்குப் பேப்பர்ல ஒண்ணு, கையில ஒண்ணு." அவன் பக்கங்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தான். "தப்பா எடுத்துக்காதீங்க."

அம்மாதான் வாங்கிக்கொண்டார். பக்கங்களை அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். கீழே வழியனுப்ப வந்தபோது படியில் நின்று, "காலைல பத்து மணின்னு சரியா வந்திருக்கு தம்பி" என்றார். "அது போதும். இத்தனை வருஷத்துல முதல் தடவை." தனக்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் அந்த அம்மாள் அதைச் சொன்னார் என்பது புரிந்தபோது, அகராதிக்குப் படி கண்ணுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்தார். "திருத்தம் போட்டா தப்பு பண்ணினோம்னு ஆயிடும்யா" என்றார் மேடை. "வாசகர்கள் பாராட்டு கொட்டுது. நாலே சதவீதம், தெரியுமா?"

வியாழக்கிழமை பூதம் மேலே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேசையில் வேறொரு பத்திரிகை கிடந்தது. இதே விபத்தைப் பற்றிய கட்டுரை. படகோட்டியின் 'குடிப்பழக்கம்' விசாரணைக்கு இலக்கானதாம்.

"நாலாவது சட்டைண்ணே" என்றார் பூதம். கேலி செய்யவில்லை.

அந்தப் பெரிய தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அகராதி பென்சில் கேட்டார். பூதம் இழுப்பறையில் தேடிச் சிவப்பை எடுத்துக் கொடுத்தார். வேறு நிறம் எத்தனையோ இருந்தும் அதைத்தான் கொடுத்தார். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று இவர் கேட்கவில்லை.

வலது ஓரத்தில் கோடு போட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டு பத்திகள் சேர்த்தார். பிறகு குனிந்து, 'இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்' என்ற கடைசி வரிசையில், காலியாகக் கிடந்த கட்டங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நிரப்பினார். யார் என்பதற்கு எல்லாக் கட்டத்திலும் தன் பெயரை எழுதினார். எப்படித் தெரியும் என்பதற்கு, 'தெரியாது' என்று எழுதினார். ஐந்து தடவையும் அதே சொல். அதற்கு வேறு சொல் தேடவில்லை.